அறிவிப்பில் உள்ள ‘அசல் நகல்’ பற்றி விளக்கம் கேட்டு

குடியாத்தம்,
8.1.2025

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நான் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் கார்த்திகேயனின் தாயார். தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு விண்ணப்பிப்பது பற்றி நேற்று அவன் கொண்டுவந்த அறிவிப்பில் ஒரு வரி எங்களுக்குப் பிடிபடவில்லை. “சாதி, வருமானச் சான்றுகளின் அசல் நகல்களைச் சான்றொப்பத்துடன் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கவும்” என்று இருக்கிறது.

கொடுக்க வேண்டியது அசலா, நகலா? ஜெராக்ஸ் கடைக்காரர், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றார். என் கணவரோ, அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் இதே வகுப்புதான். அவர்கள் இன்று காலையே அசலைப் புத்தகப் பைக்குள் வைத்து அனுப்பிவிட்டார்கள். ‘ஒப்படைக்கவும்’ என்பதற்குப் பதில் ‘காண்பிக்கவும்’ என்று இருந்திருந்தால் நான் உங்களுக்கு இந்தத் தொந்தரவே கொடுத்திருக்க மாட்டேன்.

அசலைக் கொடுத்துவிடுவதில் எங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. வருமானச் சான்று அவன் அப்பா பெயரில் ஒன்றுதான் வாங்கியிருக்கிறோம். வேலூரில் கல்லூரியில் படிக்கும் மூத்த மகளின் உதவித்தொகைக்கும் அதையேதான் கேட்கிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் அவள் அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்வதாக இருந்தால், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று தெரிந்தால் நல்லது.

இன்னொன்று. இரண்டு சான்றுகளுமே இ-சேவை மையத்தில் எடுத்தவை. அதிகாரியின் மின்கையொப்பமும் மூலையில் கட்டம் கட்டமான ஒரு குறியீடும் இருக்கின்றன. மையால் போட்ட கையெழுத்தோ ரப்பர் முத்திரையோ கிடையாது. அதே கோப்பை மறுபடி அச்செடுத்துக் கொடுத்தால் அது அசலாகுமா, நகலாகுமா? அசல்தான் என்றால் எங்கள் கவலை பாதி தீர்ந்தது. இன்னொரு பிரதி எடுத்து அனுப்பிவிடுவேன்.

சான்றொப்பத்தைத் தலைமை ஆசிரியரே இட்டுத் தருவாரா, அல்லது நாங்கள் வெளியில் ஓர் அரசு அலுவலரிடம் வாங்கி வர வேண்டுமா? வெளியில்தான் என்றால் இவர் ஒருநாள் தறியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அதற்காகத் தயங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை என்பது எங்களுக்குப் பெரிய தொகை. பையனும் இரவு உட்கார்ந்து படிக்கிறான். தாள் சரியில்லை என்று விண்ணப்பம் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கார்த்திகேயனின் டைரியில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். பகலில் தறிச் சத்தத்தில் செல்போன் அடிப்பது காதில் விழாது. பேசித்தான் சொல்ல வேண்டும் என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் அழையுங்கள். நாளை பதில் கிடைத்தால் வெள்ளிக்கிழமை காலை நானே பள்ளிக்கு வந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செல்வி
(கார்த்திகேயனின் தாயார்)