கசிவு நீர் என்ன நிறம்? (சிறு குள அணைக்கட்டு, காணொளிப் பிரதி)

நீளம்: 5 நிமிடம் 20 வினாடி
மூலம்: கிளிநொச்சியில் நடந்த நீர்ப்பாசன மாநாட்டில் பதிவான 42 நிமிட உரை
பார்ப்பவர்: வன்னியின் கமக்காரர் அமைப்பு உறுப்பினர்கள். கைபேசியில், வெயிலில், பெரும்பாலும் சத்தம் குறைத்துப் பார்ப்பார்கள்.
படப்பிடிப்பு: ஒட்டுசுட்டான் பகுதிச் சிறு குளம். வெளிக்காட்சிகள் ஆவணியில், குளம் வற்றியிருக்கும்போது. நீர் கசியும் காட்சிகள் மார்கழியில்.

குழுவுக்கு

உரையின் உயிர்நாடி 31ஆவது நிமிடத்தில்தான் வருகிறது: கலங்கிய கசிவு என்றால் அணைக்கட்டின் மண் உள்ளிருந்து வெளியேறுகிறது. இந்தக் காணொளி அதிலிருந்தே தொடங்குகிறது. குளங்களின் வரலாறு, திட்ட நிதி, சமன்பாடுகள், நன்றியுரை எல்லாம் வெளியே. அவை மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டவை. இரவு பத்து மணிக்கு அணைக்கட்டில் நிற்பவருக்குத் தேவையில்லை.

"இந்தப் படத்தில் பாருங்கள்" என்று உரையாளர் சொன்ன ஒன்பது இடங்களில் ஒன்றைக்கூடக் குரலில் வைக்கவில்லை. அவர் காட்டியதை நாம் படமாக எடுக்கிறோம். எழுத்துப்படியில் "துருசு" நான்கு இடத்தில் "தூசு" என்று விழுந்திருக்கிறது. "வான் பாய்ந்தது" என்பதை "வானம் பாய்ந்தது" என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். வசன எழுத்துக்கு அந்தப் படியிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டாம். கீழே உள்ளதையே எடுங்கள்.

குரலின் வேகம் நிமிடத்துக்கு 90 சொல். அதற்கு மேல் போனால் படத்தைப் பார்க்க நேரமிருக்காது. உரையாளரின் சொந்தக் குரல் இரண்டே இடத்தில் வருகிறது. மண்டப எதிரொலி அதிகம் என்பதால் அதற்கு மேல் தாங்காது.

1. இரண்டு போத்தல் (0:00–0:25)

படம்: இருட்டு. ரோச் வெளிச்சம் அணைக்கட்டின் அடிவாரப் புல்லில் ஊர்கிறது. தவளைச் சத்தம், நீர் ஒழுகும் சத்தம், இசை வேண்டாம். ஒரு கை வெறும் கண்ணாடிப் போத்தலை ஒழுக்கில் பிடிக்கிறது.

மூத்தவர் (படத்துக்கு வெளியே): தம்பி, தண்ணி என்ன நிறம்?
இளைஞர்: கலங்கி வருது அண்ணை.

படம்: வெட்டு. பகல், மரப்பலகை மேல் இரண்டு போத்தல். ஒன்றில் தெளிந்த நீர், மற்றதில் செம்மண் கலங்கல். பின்னால் வெள்ளைத் துணி, இல்லாவிட்டால் கைபேசியில் நிற வித்தியாசம் தெரியாது. ஆறு வினாடி அசையாமல் நிற்கட்டும்.

குரல்: எல்லாக் குளமும் கொஞ்சம் கசியும். தெளிவாகக் கசிந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். கலங்கிக் கசிந்தால் அணைக்கட்டு கரைகிறது.

திரையில் எழுத்து: தெளிவு – கவனி. கலங்கல் – எழும்பு.

(உரையில் இது: "இங்கே நாம் கவனிக்க வேண்டிய விடயம் என்னவென்றால், பொதுவாகக் கசிவு என்பது எல்லாக் குளங்களிலும் காணப்படக்கூடிய ஒன்றுதான்." பதின்மூன்று சொல் நான்காகியிருக்கிறது, பொருள் குறையவில்லை.)

2. குளத்தின் உடம்பு (0:25–1:00)

படம்: வற்றிய குளத்தில் அணைக்கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. உழவு இயந்திரப் பெட்டியில் முக்காலி வைத்து மெல்ல ஓட்டினால் போதும். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். காட்டுப் பக்கம் இறங்கும்போது கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடங்களைத் தாண்ட வேண்டாம். வெள்ளை, சிவப்பு அடையாளங்கள் தெரியாதவர் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.

குரல்: அணைக்கட்டு நீரைத் தாங்குகிறது. துருசு வயலுக்கு நீரை விடுகிறது. மிஞ்சிய வெள்ளம் வான் வழியாக வெளியேறுகிறது. மூன்றில் எதில் பிழை வந்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து பாதிக்கப்படும். 80 ஹெக்ரேயருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளம் என்றால், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தோடு சேர்ந்து அதைப் பேணுவது உங்கள் கமக்காரர் அமைப்புத்தான்.

படம்: சொல்லுக்குச் சொல் விரல் காட்டுகிறது: மேடு, துருசுக் கதவு, வான்.

3. உள்ளே நடப்பது (1:00–2:20)

இதுதான் மிகக் கவனமாக எடுக்க வேண்டிய பகுதி. உரையில் எட்டு நிமிடம் சொல்லாகவே ஓடியது. கேட்டவர்கள் மண்டபத்திலேயே குறுக்குக் கேள்வி கேட்டார்கள். படமாகக் காட்டினால் ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கும்.

படம்: முன்பக்கம் கண்ணாடி வைத்த பெட்டி, ஒரு மீற்றர் நீளம், அரை மீற்றர் உயரம். நடுவில் குளத்துச் செம்மண்ணால் சிறு அணைக்கட்டு. மண்ணை இடிக்கும்போதே கண்ணாடியை ஒட்டி சின்ன விரல் பருமனில் காய்ந்த குச்சி ஒன்றைப் புதைத்து, பிறகு உருவி எடுங்கள். உக்கிய வேரின் பாதை அதுதான். கண்ணாடியை ஒட்டாமல் புதைத்தால் கமராவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் மெல்ல நீர் ஊற்றவும். மூன்று தடவை எடுப்பதற்கு மண் தயாராக இருக்கட்டும். முதல் தடவை அநேகமாக எதிர்பார்த்ததைவிட வேகமாக உடையும்.

குரல்: அணைக்கட்டில் நின்ற மரத்தை வெட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வேர் உள்ளே இருக்கிறது. சில வருடத்தில் அது உக்கி வெறும் குழாயாகிறது. எலி வளை, கறையான் புற்று, முள்ளம்பன்றி தோண்டிய பொந்து எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

படம்: கண்ணாடிக்குள் நீர் குழாயில் நுழைகிறது. மிக அருகில்: மறுமுனையில் முதல் மண்துகள் வெளியே வருகிறது. சத்தத்தை நிறுத்துங்கள்.

குரல்: முதலில் தெளிந்த நீர்தான் வரும். வேகம் கூடியதும் சுவரை அரிக்கும். வெளியே போன மண் திரும்பி வராது. பாதை வெளிமுனையிலிருந்து உள்நோக்கி வளர்ந்து குளத்து நீரைத் தொடும். பிறகு மேலே இருக்கும் மண் இறங்கும்.

படம்: பெட்டி அணைக்கட்டு இடிகிறது. முழு நீளத்தில், வெட்டாமல்.

உரையாளர் (பதிவிலிருந்து 31:12–31:26): "மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே இறங்கி அடிவாரத்தில் நடக்க வேண்டும்."

குரல்: முதலில் துருசுக்குப் போங்கள். மண்ணும் கொங்கிறீற்றும் சேருகிற குழாய் ஓரத்தில்தான் நீருக்கு வழி இலகு.

4. அந்த இரவு (2:20–3:40)

படம்: மார்கழி இரவு, மழை அங்கி போட்ட நால்வர். உரப்பையில் மண். பைகளை முக்கால் பங்கு மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். முழுக்க நிரப்பினால் உருண்டையாகி ஒன்றோடொன்று இறுகாது, அதைக் கமராவும் காட்டிக்கொடுக்கும்.

குரல்: கலங்கல் வரும் வாயை அடைக்காதீர்கள். களிமண்ணும் பொலித்தீனும் வைத்து அடைத்தால் நீர் நிற்காது; உள்ளே அழுத்தம் ஏறி வேறு இடத்தால் வெடிக்கும். நீரை விடுங்கள், மண்ணை நிறுத்துங்கள்.

படம்: வெள்ளைப் பலகையில் குறுக்குவெட்டு, கையால் வரைந்தது. மணல், சிறு கல், பெருங்கல் என்று ஒவ்வொரு அடுக்காக நிரம்புகிறது.

குரல்: ஒழுக்கின் மேல் முதலில் பருமணல், 15 சென்ரிமீற்றர். அதன்மேல் சிறு கல், அதே கனம். கடைசியில் பெருங்கல். வரிசை மாறக் கூடாது. பெருங்கல்லை முதலில் போட்டால் இடைவெளியால் மண் வந்துகொண்டே இருக்கும்.

படம்: ஊற்றுப்போல நீர் கொப்பளிக்கும் இடத்தைச் சுற்றி மண்பை வளையம். வளையத்துக்குள் நீர் உயர உயரக் கொப்பளிப்பு குறைவதை ஒரே படமாக எடுக்கவும்.

குரல்: சுற்றிப் பை அடுக்குங்கள். உள்ளே நீர் உயர்ந்தால் வரும் வேகம் குறையும். கலங்கல் தெளிந்ததும் நிறுத்திவிட்டு, மேலால் வழிய ஓரிடம் விடுங்கள்.

படம்: குளத்துப் பக்கம், நீர்மேல் சுழி. தூரத்திலிருந்து மட்டும்.

குரல்: குளத்தில் சுழி தெரிந்தால் நீர் நுழையும் வாய் அதுதான். அதற்குள் யாரும் இறங்க வேண்டாம். ஒழுக்கு கூடிக்கொண்டே போனால், மேடு இறங்கினால், வேலையை விட்டு விலகுங்கள். கீழ்ப்பக்க வீடுகளை எழுப்புங்கள். கிராம அலுவலருக்கும் 117க்கும் சொல்லுங்கள்.

திரையில் எழுத்து: அனர்த்த முகாமைத்துவ நிலையம் – 117 (எட்டு வினாடி நிற்கட்டும்)

5. வானில் மூட்டை (3:40–4:25)

படம்: வானில் அடுக்கிய மண்மூட்டைகள். முகங்கள் வேண்டாம், நல்ல எண்ணத்தில் செய்பவர்களை வெட்கப்படுத்த இந்தக் காட்சி இல்லை.

குரல்: சிறுபோகத்துக்கு இன்னும் கொஞ்சம் நீர் பிடிக்கலாம் என்று வானில் மூட்டை அடுக்குவது உண்டு. கணக்கைப் பாருங்கள்.

படம்: நிறம் பூசிய ஒரு மீற்றர் தடி, வான் மட்டத்தில் ஊன்றியது. அதன் உச்சிதான் அணைக்கட்டின் உச்சி. நீலப் பட்டி ஏறுகிறது.

குரல்: வானுக்கு மேல் அணைக்கட்டின் உயரம் ஒரு மீற்றர். பெருவெள்ளத்தில் வானுக்கு மேல் 60 சென்ரிமீற்றர் பாய்கிறது என்று வையுங்கள். 40 மிச்சம். மூட்டையால் வானை 30 உயர்த்தினால் மிச்சம் 10தான். காற்றடித்து எழும் அலைக்கே அது போதாது. மேலால் வழிந்த மண் அணைக்கட்டு தாங்காது.

(உரையில் இங்கே சமன்பாடு இருந்தது. தடியும் நீலப் பட்டியும் அதே வேலையைச் செய்கின்றன.)

6. ஆவணியில் ஒரு நாள் (4:25–5:20)

படம்: வற்றிய குளம், காலை வெயில். மண்வெட்டி, கோடரி, வேரோடு தோண்டிய அடிக்கட்டை. மருதமரம் அணைக்கட்டின் மேல் நின்றால் நல்ல உதாரணம்; அடிவாரத்துக்கு அப்பால் நிற்பதைத் தொட வேண்டாம்.

குரல்: காலபோக மழைக்கு முன்பே அடிக்கட்டையை வேரோடு எடுங்கள். பழைய சரிவைப் படி படியாக வெட்டுங்கள். வழுவழுப்பான சரிவில் புது மண் ஒட்டாது, மழைக்குச் சறுக்கும். 15 சென்ரிமீற்றர் போட்டு இடியுங்கள். பிறகு அடுத்த அடுக்கு.

படம்: உள்ளங்கையில் மண். பிடித்துத் திறக்கும்போது உருண்டை அப்படியே நிற்கிறது. அடுத்த கையில் மண் பொடியாகிறது. மூன்றாவதில் விரலிடுக்கில் நீர் வழிகிறது. மூன்று கையும் ஒரே சட்டகத்தில்.

குரல்: ஈரம் முதல் கையில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். புல்லும் வேரும் கலந்த மேல்மண் வேண்டாம். அணைக்கட்டின் அடிவாரத்தைத் தோண்டியும் மண் எடுக்காதீர்கள். அங்கே குழி விழுந்தால் நீர் கடக்க வேண்டிய தூரம் குறையும்.

உரையாளர் (பதிவிலிருந்து 38:40–38:49): "பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே யார் எந்தப் பகுதி என்று பிரித்துவிடுங்கள்."

படம்: அமைப்புச் செயலாளரின் கொப்பி, அருகில். அணைக்கட்டு நான்கு துண்டாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர். பென்சில் எழுதும் சத்தம். பெயர்கள் படிக்கும்படி வரக் கூடாது. கமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கவும். அதே மேசையில் முதல் காட்சியின் வெறும் போத்தல்.

கறுப்பு.