வேலை முடிந்து பணம் வந்து சேர 68 நாட்கள் ஆன இடத்தில் இன்று 43 நாட்கள்: வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் ஓர் அனுபவம்

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர், பிற நிறுவனங்களின் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பராமரிக்கும் ஒரு சேவை நிறுவனத்தை நடத்துகிறார். வேலை முடிந்த நாளிலிருந்து பணம் வங்கிக் கணக்கில் சேரும் நாள் வரை அவருக்குச் சராசரியாக 68 நாட்கள் ஆகிக்கொண்டிருந்தன. பில் அனுப்பும் முறையையும் நிலுவையைப் பின்தொடரும் முறையையும் மாற்றியமைத்த பிறகு, ஆறு மாத காலத்தில் அந்தச் சராசரி 43 நாட்களாகக் குறைந்தது. இதற்காக அவர் விலையை உயர்த்தவில்லை, புதிதாக ஆள் எடுக்கவில்லை, தம்மிடம் வேலை கொடுத்த எந்த நிறுவனத்தையும் இழக்கவும் இல்லை.

இந்தப் பதிவை வெளியிட அவர் எழுத்துப்பூர்வமாக அனுமதி அளித்திருக்கிறார். தொழிலின் வகை, இந்தப் பதிவில் வரும் நாட்கணக்கு, நாங்கள் செய்த மாற்றங்கள், அவர் கூறிய ஒரு வாக்கியம் ஆகிய நான்கை மட்டும் வெளியிடலாம் என்று அந்த அனுமதிக் கடிதம் வரையறுக்கிறது. பதிவின் இறுதி வடிவத்தை முழுமையாகப் படித்துப் பார்த்த பிறகே அவர் கையொப்பமிட்டார். எப்போது வேண்டுமானாலும் இதை நீக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. அனுமதிக்கு ஈடாகக் கட்டணத்தில் சலுகையோ வேறு பயனோ நாங்கள் அளிக்கவில்லை. நிறுவனத்தின் பெயர், ஊர், பணியாளர் எண்ணிக்கை, விற்பனைத் தொகை, அவரிடம் வேலை கொடுப்போர் யார் என்பன இங்கே இடம்பெறவில்லை. பெயரை மட்டும் மறைப்பது போதாது. தனித்தனியே பார்த்தால் தீங்கற்றவையாகத் தோன்றும் மூன்று நான்கு விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால், அதே துறையில் இருப்பவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். நிலுவைப் பணத்தைப் பற்றிய செய்தி ஒரு நிறுவனத்தின் மீதான நம்பிக்கையைத் தொடும் செய்தி என்பதால், இந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் மனமார ஏற்கிறோம்.

பணம் தாமதமானதற்கு, வேலை கொடுத்த நிறுவனங்கள் கொடுக்க மனமில்லாமல் இழுத்தடிப்பதே காரணம் என்று தொடக்கத்தில் அவரும் அவருடைய கணக்குப் பிரிவினரும் கருதினர். ஆனால் முந்தைய பில்களை ஒவ்வொன்றாக எடுத்து, வேலை முடிந்த நாள், பில் புறப்பட்ட நாள், எதிர்த்தரப்பின் கணக்குப் பிரிவு அதை ஏற்ற நாள், பணம் வந்த நாள் என நான்கு தேதிகளையும் அருகருகே எழுதிப் பார்த்தபோது, தாமதத்தின் பெரும்பகுதி எதிர்த்தரப்பின் கணக்குப் பிரிவு பில்லை ஏற்பதற்கு முன்பே நிகழ்ந்திருப்பது தெரிந்தது. வேலை முடிந்து சராசரியாக 11 நாட்கள் கழித்துத்தான் பில் புறப்பட்டது. பொறியாளர் கையொப்பமிட்ட பணி அறிக்கைகள் வாரக்கடைசியில் மொத்தமாக அலுவலகத்துக்கு வந்ததும், அவற்றைக் கொண்டு பில்களைத் தொகுதி தொகுதியாகத் தயாரித்ததுமே அதற்குக் காரணம். புறப்பட்ட பில்களிலும் பல, கொள்முதல் ஆணை எண் இல்லாததாலோ, பில்லுக்கும் ஆணைக்கும் தொகை பொருந்தாததாலோ எதிர்த்தரப்பில் கேட்பாரற்று நின்றன. அப்படி நின்றதை யாரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை. தவணை நாள் கடந்து இவர்கள் தொலைபேசியில் கேட்டபோதுதான் அது வெளிப்பட்டது.

ஆகவே மாற்றங்கள் எளியவையாகவே அமைந்தன. கொள்முதல் ஆணை எண் கையில் வராமல் வேலையைத் தொடங்குவதில்லை என்பது முதல் விதியாயிற்று. பொறியாளர் பணி அறிக்கையை வேலை நடந்த இடத்திலிருந்தே படமெடுத்து அனுப்புவார். பில் இரண்டு நாட்களுக்குள் புறப்பட்டுவிடும். “30 நாட்கள்” என்று மட்டும் இருந்த இடத்தில், பணம் செலுத்த வேண்டிய தேதியே பில்லில் அச்சிடப்பட்டது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற குழப்பம் அத்துடன் நின்றது. எல்லாவற்றிலும் மிகுந்த பலன் தந்தது, தவணைக்குப் பின் செய்து வந்த தொலைபேசி அழைப்பை முன்னுக்குக் கொண்டுவந்ததுதான் என்பது எங்கள் கணிப்பு. பில் அனுப்பிய ஒரு வாரத்துக்குள், பணத்தைக் கேட்காமல், “பில் வந்து சேர்ந்ததா, திருத்தம் ஏதும் தேவையா?” என்று மட்டும் விசாரிக்கும் அழைப்பு அது. குறை இருந்தால் தவணைக்குள்ளேயே சரிசெய்ய முடிந்தது; கேட்கும் தொனியில் கடுமை இல்லாததால் உறவும் கெடவில்லை.

விரைவில் செலுத்துவோருக்குத் தள்ளுபடி தரலாம் என்ற யோசனையும் வந்தது. 30 நாள் தவணையில் 10 நாட்களுக்குள் செலுத்தினால் 2 சதவீதம் தள்ளுபடி என்பது பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். ஆனால் 20 நாட்கள் முன்னதாகப் பணம் பெறுவதற்காகக் கொடுக்கும் அந்த 2 சதவீதத்தை ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 37 சதவீதம் வருகிறது. தாமதத்தின் காரணம் அவர் அலுவலகத்திலேயே இருக்கும்போது அவ்வளவு விலை கொடுப்பது நியாயமாகாது என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டோம்.

43 என்ற எண்ணை எப்படிக் கணக்கிட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பருவத்துக்குப் பருவம் வேலையின் அளவு மாறும் தொழில் என்பதால், முந்தைய ஆண்டின் அதே ஆறு மாதங்களோடு ஒப்பிட்டோம். சிறிய பில்கள் விரைவில் வந்து சராசரியை அழகாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, பெரிய தொகைக்குப் பெரிய எடை கொடுத்தோம். பணம் வந்த பில்களை மட்டும் எண்ணினால் வராதவை கணக்கிலிருந்து மறைந்துவிடும். ஆகவே இன்னும் நிலுவையில் இருந்த பில்களையும் கணக்கிட்ட நாள் வரை சேர்த்துக்கொண்டோம். இதே காலத்தில் அவரிடம் வேலை கொடுக்கும் ஒரு நிறுவனம், மாதம் ஒருமுறை பணம் செலுத்தும் தன் வழக்கத்தை மாதம் இருமுறையாகத் தானாகவே மாற்றிக்கொண்டது. அதில் எங்களுக்குப் பங்கில்லை. அந்த ஒரு நிறுவனத்தை இரு காலங்களிலிருந்தும் நீக்கிக் கணக்கிட்டால் 67 நாட்களிலிருந்து 46 நாட்கள் என்று வருகிறது. எங்கள் வேலையின் பலனாக நாங்கள் உரிமை கோருவது அந்த 21 நாட்களைத்தான்.

நிறுவன உரிமையாளர் எங்களிடம் கூறி, வெளியிட அனுமதித்த வாக்கியம் இது: “எந்தப் பில் யாரிடம் நிற்கிறது என்று கேட்டால், இப்போது யாரையும் கூப்பிடாமல் நானே பதில் சொல்ல முடிகிறது.”

இதே பலன் எல்லா நிறுவனங்களுக்கும் கிடைக்கும் என்று நாங்கள் உறுதியளிக்கவில்லை. உங்களிடம் வேலை கொடுப்பவருக்கே பணமுடை இருந்தால், பில்லை எவ்வளவு விரைவாக அனுப்பினாலும் பயன் குறைவு. அங்கே கடன் வரம்பையும் முன்பணத்தையும் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். உங்கள் தாமதம் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய விரும்பினால், அண்மையில் பணம் வந்து சேர்ந்த இருபது பில்களை எடுத்து, மேலே சொன்ன நான்கு தேதிகளையும் எழுதிப் பாருங்கள். ஐயம் இருந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர்களையும் தொகைகளையும் நீக்கிவிட்டுத் தேதிகளை மட்டும் அனுப்பினாலே போதும்.

கருத்துப் பகுதியில் இந்த நிறுவனம் எது என்று ஊகிக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். அத்தகைய கருத்துகளை, ஊகம் சரியோ தவறோ, நாங்கள் நீக்கிவிடுவோம்.

#நிலுவைவசூல் #பில்நடைமுறை #சிறுநிறுவனங்கள் #அனுமதியுடன்