நான் பார்க்காமல் போன அறிக்கை

ஏழு பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், என் கண்ணில் படாமல் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல்கூடப் போனதில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாராந்திர அறிக்கையைத் தயாரிக்கும் இளைஞர் வியாழன் மாலை எனக்கு அனுப்புவார். இரவு உட்கார்ந்து ‘செய்யப்பட்டுள்ளது’ என்பதை ‘செய்திருக்கிறோம்’ என்று மாற்றுவேன். அட்டவணையின் நிறத்தைக்கூட விட்டுவைக்க மாட்டேன். வெள்ளி காலை அது போகும். சில மாதங்களில் அறிக்கையின் தரம் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? இறங்கிக்கொண்டே போனது. ஒரு வாரம் கூட்டுத்தொகையே தப்பு. கூப்பிட்டுக் கேட்டேன்.

“நீங்க எப்படியும் ஒரு தடவை பார்ப்பீங்கல்ல சார், அதான்…” என்றார். குரலில் திமிர் இல்லை. உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான்.

அன்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: ‘பார்த்தாயா, கொஞ்சம் அசந்தால் இப்படித்தான்.’ அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமையே வரைவைக் கேட்க ஆரம்பித்தேன்.

இந்த மனநிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளியில் பேராசிரியராக இருந்த டக்ளஸ் மெக்ரிகர், 1957இல் ஓர் உரையிலும் 1960இல் வெளிவந்த தன் புத்தகத்திலும், நிர்வாகிகள் தொழிலாளரைப் பற்றி மனதுக்குள் வைத்திருக்கும் அனுமானங்களை இரண்டாகப் பிரித்தார். முதலாவது எக்ஸ் கோட்பாடு: சராசரி மனிதனுக்கு வேலை பிடிக்காது, முடிந்தவரை தட்டிக்கழிப்பான், மிரட்டியோ ஆசை காட்டியோ, கூடவே நின்று பார்த்தோதான் வேலை வாங்க முடியும், பொறுப்பு என்றால் ஒதுங்குவான், சொன்னதைச் செய்யும் பாதுகாப்பே அவனுக்குப் போதும். இரண்டாவது ஒய் கோட்பாடு: உழைப்பு என்பது விளையாட்டையும் ஓய்வையும் போல மனிதனுக்கு இயல்பானது, தான் மனதார ஏற்ற இலக்குக்காக அவன் தன்னைத் தானே நடத்திக்கொள்வான், சூழல் சரியாக இருந்தால் பொறுப்பைத் தேடியே வருவான், கற்பனையும் சமயோசிதமும் மேல்மட்டத்தில் இருக்கும் சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் அல்ல.

இவற்றை இரண்டு நிர்வாகப் பாணிகள் என்று பலரும் சொல்கிறார்கள். கறாரான முதலாளி எக்ஸ், கனிவான முதலாளி ஒய் என்று. அது தவறு. எக்ஸை நம்பிக்கொண்டே கடுமையாகவும் இருக்கலாம், மென்மையாகவும் இருக்கலாம் என்பதை மெக்ரிகரே சுட்டிக்காட்டியிருக்கிறார். நான் அந்த இரண்டாம் ரகம். குரலை உயர்த்தியதில்லை, பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுவோம், கேட்ட விடுப்பை மறுத்ததில்லை. ஆனால் எல்லாக் கோப்பும் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். இனிக்க இனிக்கப் பேசும் அவநம்பிக்கை. அதில் சிக்கியவருக்குக் கோபப்படக்கூட வழியில்லை. அதனாலேயே திட்டுகிற மேலாளரைவிட என்னைப் போன்றவர் ஆபத்து என்று நினைக்கிறேன்.

மெக்ரிகரின் வாதத்தில் என்னை உலுக்கிய இடம் வேறு. ஊழியர்கள் மந்தமாக, பொறுப்பில்லாமல் நடந்துகொள்வதை அவர் மறுக்கவில்லை. அது அவர்களின் பிறவிக் குணம் என்பதைத்தான் மறுத்தார். ஊட்டச்சத்துக் குறைவால் ஒருவனுக்கு எலும்பு வளைந்தால் அதை நோய் என்கிறோம். மதிப்பும் வளர்ச்சியும் கிடைக்காமல் ஒருவன் சுணங்கிப்போனால் மட்டும் அது அவன் சுபாவம் என்கிறோம். நாம் நடத்திய விதத்தின் விளைவை எடுத்து, அப்படி நடத்தியதற்கான காரணமாகக் காட்டுகிறோம். என் அறிக்கைக் கதை அப்படியே இதுதான். நான் திருத்துவேன் என்பதால் அவர் சரிபார்க்கவில்லை. அவர் சரிபார்க்காததால் நான் திருத்தினேன். என் அனுமானம் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயாரித்துக்கொண்டது.

ஒவ்வொரு சின்ன வேலையிலும் தலையிடும் இந்த மைக்ரோமேனேஜ்மென்ட்டை விட்டொழிப்பது கடினமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். அதைச் செய்பவருக்குத் தினமும் ஆதாரம் கிடைக்கிறது.

இதைப் படித்த வேகத்தில் நான் எதிர்த்திசையில் ஓடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய தரவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலையைக் குழுவில் ஒரு பெண்ணிடம் கொடுத்து, “இனி எல்லாம் உங்க பொறுப்பு, நான் தலையிடவே மாட்டேன்” என்றேன். எந்தத் தரவு அவசியம், எதை விட்டுவிடலாம், எவ்வளவு செலவழிக்கலாம், யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், எதையும் சொல்லவில்லை. மூன்று வாரம் அவர் தனியாகத் திண்டாடினார். கேட்டால் திறமையில்லை என்று நினைப்பேனோ என்று பயந்து என்னிடம் வரவும் இல்லை. அதை நம்பிக்கை என்று அப்போது நினைத்தேன். கைகழுவல் என்பதே சரியான பெயர்.

மெக்ரிகருக்கும் இப்படி ஒரு பாடம் உண்டு. 1948 முதல் 1954 வரை ஆன்டியோக் கல்லூரியின் தலைவராக இருந்தவர் அவர். தலைவன் என்பவன் நல்ல ஆலோசகனாக இருந்தால் போதும், அதிகாரம் செலுத்தும் சங்கடத்திலிருந்து தப்பிவிடலாம் என்று நம்பித்தான் அந்தப் பதவிக்குப் போனார். முடியவில்லை என்று விடைபெறும்போது வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒய் கோட்பாட்டை அதற்குப் பிறகு எழுதியவர் என்பதால், அதை வெள்ளந்தியான நம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஒய் கோட்பாட்டிலும் கட்டுப்பாடு இருக்கிறது. அது இருக்கும் இடம்தான் மாறுகிறது. இலக்கை இருவரும் பேசி ஏற்றுக்கொண்ட பிறகு, நிலவரத்தைக் காட்டும் தகவல் முதலில் வேலை செய்பவரின் கைக்குப் போகிறது. தன்னைத் தானே திருத்திக்கொள்ள அவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. நாங்கள் செய்ததும் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தத் தரவு வேலையை மறுபடி தொடங்கியபோது அவரும் நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வோம், எந்த முடிவுகளை அவரே எடுக்கலாம், எந்த இரண்டு விஷயங்களுக்கு மட்டும் என்னிடம் வந்தே ஆக வேண்டும், எந்தத் தேதிகளில் பார்த்துக்கொள்வோம், எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினோம். இடையில் “எந்த அளவில் இருக்கு?” என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. சரி, ஒரு முறை கேட்டேன்.

கிட்ட இருந்து பார்ப்பதெல்லாம் அவநம்பிக்கை ஆகிவிடாது. வேலைக்குப் புதியவர் கூடவே இருந்து சொல்லித்தருவதை எதிர்பார்ப்பார். விமானி புறப்படும் முன் சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பது அவரை யாரும் நம்பாததால் அல்ல. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அவர் கற்கக் கற்க என் மேற்பார்வை குறைகிறதா? இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அதே அளவில் இருந்தால், குறை அவருடைய திறமையில் இல்லை, என் அனுமானத்தில் இருக்கிறது.

வாராந்திர அறிக்கையை அந்த இளைஞரே நேரடியாக அனுப்பட்டும் என்று விட்டேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஒரு வரிசையில் போன மாத எண் அப்படியே இருந்தது. அனுப்பிய பிறகே கவனித்தேன். விளக்கம் கேட்டு அவருக்குப் பாதி மின்னஞ்சல் தட்டச்சு செய்துவிட்டேன். அதற்குள் வாடிக்கையாளருக்கு அவரிடமிருந்தே அடுத்த அஞ்சல் போயிருந்தது: நான்காவது வரிசையில் தவறு, திருத்திய பிரதி இணைத்திருக்கிறேன், மன்னிக்கவும். நகல் பெறுபவர்களில் என் பெயர் இல்லை. வாடிக்கையாளர் அனுப்பிய பதிலில்தான் எனக்குத் தெரிந்தது. பாதி எழுதியிருந்ததை அழித்தேன்.