7 ஆ பிரிவு, தாவரவியல் பூங்கா சுற்றுலா: ஒப்புதல் படிவ நிலவரம் (நவம்பர் 18, செவ்வாய், மாலை 4 மணி)

தலைமையாசிரியர் அவர்களுக்கும், வெள்ளிக்கிழமை உடன் வரும் மூன்று ஆசிரியர்களுக்கும்,

படிவம் வீட்டுக்குப் போனது 10ஆம் தேதி. திருப்பித் தரக் கடைசி நாள் 14 என்று சொல்லியிருந்தோம். இன்றைய கணக்கு இது:

மொத்தம் 42 பேர்.
முழுமையாக வந்தவை 32.
வந்தும் குறையுள்ளவை 4 (வரிசை எண் 9, 17, 26, 31).
அனுப்ப விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டது 1 (வரிசை எண் 35).
இன்னும் வராதவை 5 (வரிசை எண் 4, 12, 20, 29, 38).

பெயர்களை வேண்டுமென்றே எழுதவில்லை. இதில் பிள்ளைகளின் உடல்நலம் பற்றியும் வீட்டு நிலைமை பற்றியும் இருக்கிறது. தாள் எங்காவது மேசையில் கிடந்தாலும் யாருடையது என்று வெளியாள் ஒருவருக்குத் தெரியக்கூடாது. வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், நம் ஆசிரியர் குழுவிலும்கூட.

குறையுள்ள நான்கு

9: கையெழுத்து இருக்கிறது, உடல்நலப் பகுதி முழுக்கக் காலி. "ஒன்றுமில்லை" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அது பதில். காலியாக விட்டால் அவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்க்காமல் இருந்திருக்கலாம். இந்த முறை படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டதால் வந்த வினை என்று நினைக்கிறேன். படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

17: அவசரத் தொடர்பு எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவில் உள்ள எண்ணுக்கு அழைத்தேன், அது இப்போது பயன்பாட்டில் இல்லை. ஆக, இந்த வீட்டைத் தொடர்புகொள்ள நம்மிடம் இன்று ஓர் எண்கூட இல்லை. சுற்றுலாவுக்கு மட்டுமல்ல, சாதாரண நாளிலும் இது ஆபத்து. நாளை காலை அழைத்துவர யார் வந்தாலும் வாயிலில் நிற்கவைத்து எண் வாங்கிக்கொள்கிறேன். அலுவலகப் பதிவையும் அப்போதே திருத்த வேண்டும்.

26: கையெழுத்து, முன்பு வந்த விடுப்புக் கடிதங்களில் உள்ளதுபோல இல்லை. தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். அம்மாவுக்கு இரவு வேலை, தூங்கிக்கொண்டிருந்தார் என்று அக்கா போட்டிருக்கிறாள். அக்காவுக்கு வயது 17. பிள்ளை உண்மையை உடனே சொன்னாள், அதற்காக அவளைத் திட்டவில்லை, யாரும் திட்டவும் வேண்டாம். அம்மாவிடம் மதியம் 3 மணிக்குப் பேசினேன், அனுப்பச் சம்மதம்தான். புதுப் படிவம் கொடுத்துவிட்டேன், நாளை வரும்.

31: "மாத்திரை கொடுக்கவும்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, உணவுக்கு முன்பா பின்பா, எதற்காக, எதுவும் இல்லை. இந்த வரியை வைத்துக்கொண்டு நாம் எந்த மாத்திரையும் கொடுக்க முடியாது. அப்பா நாளை மாலை மருத்துவரின் சீட்டோடு நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை அட்டையாகவோ கடையில் கொடுத்த உறையோடோ வர வேண்டும், காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தால் வாங்க முடியாது என்றும் சொல்லிவிட்டேன்.

இன்னும் வராத ஐந்து வீடுகள்

4: பெற்றோர் தனித்தனியாக இருக்கிறார்கள். படிவம் போனது அப்பா வீட்டுக்கு, பிள்ளை இந்த வாரம் அம்மா வீட்டில். இரண்டாவது படி இன்று கொடுத்தேன். இந்தப் பிள்ளைக்கு இனி எந்தச் சுற்றறிக்கையானாலும் ஆரம்பத்திலேயே இரண்டு படி கொடுக்கும்படி குறித்துக்கொண்டேன்.

12: 13ஆம் தேதியே கொடுத்துவிட்டேன் என்று உறுதியாகச் சொல்கிறான். நம்புகிறேன். அன்று காலை எனக்குப் பதிலாக வேறு ஆசிரியர் வகுப்பைப் பார்த்துக்கொண்டார், அன்று வந்த படிவங்கள் இரண்டு இடத்தில் சேர்ந்திருக்கின்றன. மேசை, அலமாரி, திருத்த வைத்திருந்த நோட்டுக் கட்டு எல்லாம் தேடியாயிற்று, கிடைக்கவில்லை. தவறு நம்முடையது என்றே அம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். புதுப் படிவம் நாளை வரும். பழையது யார் கையிலாவது கிடைத்தால் உடனே கொடுங்கள், அதில் வீட்டு எண்ணும் உடல்நலக் குறிப்பும் இருக்கும்.

20: பாட்டிதான் பாதுகாவலர். அவருக்குப் படிக்க வராது. படிவம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட அவர் விரும்பவில்லை. நியாயம்தானே. போனில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எத்தனை மணிக்குத் திரும்புவோம், தண்ணீர்ப் பக்கம் போவோமா என்று இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்வி. நாளை 10 மணிக்குப் பள்ளிக்கு வருகிறார். கைநாட்டு வைத்தால் அலுவலகத்திலிருந்து ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியர் இதற்கு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

29: இந்த வீடுதான் எனக்குக் கவலை. வெள்ளி மதியம், திங்கள் மாலை, இன்று காலை என மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. பிள்ளையிடம் கேட்டால் "நான் வரல மிஸ், எனக்குப் பூங்கா பிடிக்காது" என்கிறான். ஆனால் போன வாரம் செடிகளைப் பற்றிய பாடத்தில் அதிகம் கேள்வி கேட்டவன் அவன்தான். கட்டணம் காரணமாக இருக்கலாம். எனவே அவனிடம் இனி வகுப்பில் வைத்துப் படிவம் கேட்கவே வேண்டாம். கட்டணத்தைப் பள்ளி ஏற்க முடியுமா என்று தலைமையாசிரியர் இன்றே சொன்னால், நாளை வீட்டாரிடம் பேசும்போது அதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் படிவத்தைப் பற்றிப் பேசுவேன். நாளையும் போன் எடுக்காவிட்டால் மாலையில் வீட்டுக்கே போகிறேன், கூட ஒருவர் வந்தால் நல்லது.

38: 10ஆம் தேதியிலிருந்தே காய்ச்சலால் விடுப்பு. படிவம் இவர்கள் கைக்குப் போகவேயில்லை, தாமதம் என்று எழுதக்கூடாது. இப்போது தேறி வருகிறாள். போகலாமா வேண்டாமா என்று மருத்துவரைக் கேட்டு வியாழன் காலை சொல்வார்கள். இடம் வைத்திருக்கிறேன்.

35 பற்றி ஒன்று: அது வராத படிவம் அல்ல, முடிந்த பதில். காரணம் கேட்டு யாரும் மறுபடி போன் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை அவள் நூலகத்தில் இருப்பாள், நூலகரிடம் பேசிவிட்டேன்.

உடல்நலக் குறிப்புகள்: உடன் வரும் மூவரும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்

15: தேனீ, குளவி கொட்டினால் கடுமையான ஒவ்வாமை. நாம் போவது பூக்கள் நிறைந்த இடம், அதனால் என் மனதில் முதலில் நிற்பது இவன்தான். இரண்டு அட்ரினலின் ஊசிப் பேனாக்கள் வந்திருக்கின்றன. பெட்டியைத் திறந்து தேதி பார்த்தேன், ஒன்று அக்டோபரிலேயே காலாவதியாகிவிட்டது. மற்றது மார்ச் வரை செல்லும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், புதியது வியாழனுக்குள் வரும். இரண்டும் கையில் இல்லாமல் இவனை அழைத்துப் போகக்கூடாது என்பது என் கருத்து, அம்மாவும் அப்படியே நினைக்கிறார்.

கொட்டியபின் மூச்சுத்திணறல், தொண்டை அல்லது நாக்கு வீக்கம், குரல் மாறுதல், தலைசுற்றி விழுதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். தொடையின் வெளிப்பக்க நடுவில், உடைக்கு மேலேயே ஊசி. போட்ட நேரத்தைக் குறியுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்காரவிடலாம், எழுந்து நடக்கவிடக்கூடாது. 5 நிமிடத்தில் சரியாகவில்லையென்றால் இரண்டாவது ஊசி. சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். பேனாக்கள் என் தோள்பையில் இருக்கும், நான் இவன் குழுவோடுதான் நடப்பேன். வெயிலில் நிற்கும் பேருந்தில் அவற்றை விட்டுவிட்டு இறங்கக்கூடாது.

22: முதல் வகை நீரிழிவு. சர்க்கரை பார்க்கும் கருவியை அவளே கையாளுவாள். அம்மா எழுதிய மதிய உணவு நேரம் 12:30, நம் திட்டத்தில் 1:15. அவளை மட்டும் தனியே உட்காரவைப்பதைவிட எல்லோருக்கும் 12:30 ஆக்கிவிடலாம் என்று மாற்றிவிட்டேன். நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எரிச்சல், குழப்பம் தெரிந்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அந்த நேரத்தில் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள், கழிவறைக்குக்கூட. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊட்டக்கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

6: ஆஸ்துமா. நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் அவன் பையிலேயே இருக்கும், உதிரி ஒன்று என்னிடம். ஓடியாடியபின் இருமல் நிற்காவிட்டால் கவனியுங்கள்.

33: வலிப்பு. கடைசியாக வந்து 14 மாதம் ஆகிறது, மருந்து காலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவான். வந்தால் நேரம் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கையைக் காலை அழுத்திப் பிடிக்கக்கூடாது. 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். வகுப்பில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார், அதைக் காப்பாற்றுவோம்.

13: சிறுநீரகச் சிகிச்சையில் இருக்கிறாள், அடிக்கடி கழிவறை போக வேண்டியிருக்கும். கேட்டவுடன் அனுப்புங்கள், இரண்டாவது தடவை கேட்கும்படி வைக்காதீர்கள்.

2, 18, 40: பேருந்தில் வாந்தி. முன் இருக்கை.

இனி

வியாழன் பிற்பகல் 3 மணியோடு கணக்கை மூடுகிறேன். கையெழுத்திட்ட படிவத்தின் தெளிவான படம் போனில் வந்தால் ஏற்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். "சரி, கூட்டிட்டுப் போங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்வது மட்டும் போதாது. வெள்ளி காலை படிவமில்லாமல் ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பையோடு வாயிலில் வந்து நின்றால் அதைத் தாங்க முடியாது. அதனால்தான் நாளையும் நாளை மறுநாளும் இத்தனை அழைப்புகள்.

மூலப் படிவங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். உடல்நலக் குறிப்பின் நகல் ஒன்று என் பையில், ஒன்று பேருந்தில் முன்னால் உட்காரும் ஆசிரியரிடம். திரும்பிய அன்றே இரண்டையும் வாங்கிக் கிழித்துவிடுவேன்.

நாளை மாலை 4 மணிக்குப் புதிய கணக்கு அனுப்புகிறேன். அதற்குள் உங்கள் கைக்கு ஏதாவது படிவம் வந்தால் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் என் கையிலேயே கொடுங்கள். பார்த்தவுடன் தேதியோடு குறித்துக்கொள்கிறேன்.

வகுப்பாசிரியை, 7 ஆ