சேலம் சம்பந்தி வீட்டாருக்கு

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கும் ஐயாவுக்கும் வீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

நான் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, உங்கள் மருமகள் இதைத் தமிழில் எழுதுகிறாள். நாங்கள் நலமாக மைசூர் வந்து சேர்ந்தோம். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் என் மாமியாருக்குத் தலை சுற்றியபோது, நீங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்ததை அவர் இங்கே வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சேர்வராயன் கோயில் குகைக்குள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று தரிசனம் செய்வித்த ஐயாவுக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி.

பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்ட தட்டுவடை செட்டைப் பேரன் தினமும் கேட்கிறான். இங்கே செய்து பார்த்தோம், உங்கள் காரச் சட்னியின் பக்குவம் வரவில்லை. நீங்கள் கட்டிக் கொடுத்த மல்கோவா மாம்பழங்கள் நன்றாகப் பழுத்துவிட்டன.

தசராவுக்கு நீங்கள் அனைவரும் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டும். விடுதியில் அறை எடுப்பதாகச் சொன்னால் எங்களுக்கு வருத்தமாக இருக்கும். தேதியை முன்கூட்டியே தெரிவித்தால் ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
மைசூர் சம்பந்தி