மழை வருதுங்க: மரியாதை யாருக்கு?
(பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள் அசெம்பிளியில் தமிழ் டீச்சர் பேசியது)

எச்.எம். சார், தமிழ் பிரிவு, மலையாளம் பிரிவு ஆசிரியர்களே, பிள்ளைகளே, வணக்கம். எல்லோரும் உட்காருங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான். "டீச்சர், எங்க வீட்டுப் பேச்சுக்கு இலக்கணம் உண்டுங்களா?" வகுப்பே சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஜூன் மாதம் அதே வகுப்பில், "இலக்கணமே இல்லாமல் என்ன பேச்சு இது" என்று அதட்டியவளும் நான்தான். அவன் அதை ஞாபகம் வைத்துக் கேட்டிருக்கிறான். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இன்றைக்குச் சொல்கிறேன்.

அவன் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நம் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவீர்கள்? "மழை வருதுங்க." "மாடு கன்னு போட்டுருச்சுங்க." இந்த 'ங்க' யாருக்கு? மழைக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை. மாட்டுக்கும் இல்லை. கேட்டுக்கொண்டு நிற்கிற தாத்தாவுக்கு! அதே மழையைத் தம்பியிடம் சொல்லும்போது "மழை வருதுடா" ஆகிவிடுகிறது. வாக்கியத்துக்குள்ளேயே இல்லாத ஓர் ஆளுக்காக வினைச்சொல்லின் வால் மாறுகிறது. ஜப்பானியர்கள் கேட்பவருக்கு மரியாதையாக வினையோடு 'மஸ்' சேர்க்கிறார்கள், அது இதே வேலைதான். ஜப்பான்காரர் செய்தால் மொழியின் நுட்பம், கொழிஞ்சாம்பாறைக்காரர் செய்தால் பட்டிக்காட்டுப் பேச்சா?

இன்னும் இருக்கிறது. அதைக் கேள்வியாக்குங்கள்: "மழை வருதுங்களா?" எங்கிருந்தோ ஒரு 'ள்' முளைத்துவிட்டது, பார்த்தீர்களா? தனியாக நிற்கும்போது ஒளிந்திருக்கும் 'ள்', பின்னால் 'ஆ' வந்ததும் வெளியே வருகிறது. "மழை வருதுங்கஆ" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மூன்று வயசுக் குழந்தைகூடச் சொல்லாது. இந்த விதியை உங்களுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. நானும் நடத்தியதில்லை, பாடப்புத்தகத்தில் இல்லை.

இப்போது ஒரு விளையாட்டு. இல்லாத ஒரு சொல்லை நான் இன்று காலை பஸ்ஸில் வரும்போது உண்டாக்கினேன். 'டமுக்கு'. அர்த்தம் கிடையாது. அவன் இன்றைக்கு டமுக்குறான். நேற்று என்ன செய்தான்? சத்தமாக.

"டமுக்குனான்!" ஐந்தாம் வகுப்பிலிருந்துதான் முதலில் வந்தது, சபாஷ். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் சொல்லுங்கள். "டமுக்கிஞ்சாடு." மலையாளம் பிரிவு? "டமுக்கி." சரி, அவள் டமுக்கினால்? தமிழில் "டமுக்குனா". மலையாளத்தில் அவனும் 'டமுக்கி', அவளும் 'டமுக்கி', மாடும் 'டமுக்கி'. தெலுங்கில் அவளுக்கும் மாட்டுக்கும் ஒரே முடிவு, "டமுக்கிஞ்சிந்தி". இப்படி அவளையும் மாட்டையும் ஒன்றாக வைத்துவிட்டார்களே என்று ரேவதி டீச்சர் போன வருஷமே என்னிடம் சண்டை போட்டார், அது வேறு கதை. கேட்டறியாத சொல்லுக்கு மூன்று மொழிப் பிள்ளைகளும் ஒரு நொடியில் சரியான வாலை ஒட்டினீர்கள். மனப்பாடமாக இருந்தால் இது முடியாது. உள்ளே விதி இருந்தால்தான் முடியும். 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளிடம் இதே மாதிரி பொய்ச் சொற்களைக் கொடுத்துத்தான் பார்த்தார். இந்த முற்றத்தில் எரவாளர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சிலும் டமுக்குவதற்கு ஒரு வால் இருக்கிறது. எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

எழுத்து இல்லாத மொழியில் இலக்கணம் எப்படி இருக்கும் என்று சிலர் கேட்பார்கள். எழுத்து என்பது பேச்சைப் பிடித்துவைக்கிற பாத்திரம். பாத்திரம் இல்லாவிட்டாலும் பால் பால்தான். தொல்காப்பியர் சூத்திரம் எழுதுவதற்கு முன்னால் தமிழர்கள் கன்னாபின்னாவென்றா பேசிக்கொண்டிருந்தார்கள்? ஏற்கெனவே இருந்ததைப் பார்த்துத்தான் அவர் எழுதினார். செய்யுளுக்கு உரிய நாலு வகைச் சொற்களில் வட்டாரங்களில் வழங்குகிற திசைச்சொல்லையும் ஒன்றாக வைத்தார், அதையும் கவனியுங்கள்.

1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். பெரிய வேலை, மறுக்க முடியாது. ஆனால் அவர் மொழிகளை 'பண்பட்டவை', 'பண்படாதவை' என்று இரண்டாகப் பிரித்தார். நீலகிரித் தோடர் மொழியைப் பண்படாததில் வைத்தார். பிறகு 1930களில் எமெனோ என்ற அறிஞர் அந்த மலைக்கு வந்து தோடர்களுடன் உட்கார்ந்து கேட்டு எழுதினார். நாக்கின் மூன்று நிலைகளில் மூன்று வகையாக அதிர்கிற 'ர' ஒலிகள் அந்த மொழியில் உண்டு. நமக்கோ 'ர'வுக்கும் 'ற'வுக்கும் பேச்சில் வித்தியாசம் காட்டவே மூச்சு முட்டுகிறது. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடக்கூடிய அளவு மக்கள் பேசுகிற மொழி அது.

அப்படியானால் ஒரு மொழி பெரிசு, இன்னொன்று சிறிசு என்று ஆவது எதனால்? இன்றைய நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் வங்க மொழிக்காக நின்ற மாணவர்கள் மேல் போலீஸ் சுட்டது. அன்றைய பாகிஸ்தானில் மிக அதிகம் பேர் பேசியது வங்கம்தான். அவர்கள் இலக்கியத்துக்கும் குறைவில்லை. அப்படியும் உருதுக்குச் சமமான இடம் தர அரசு மறுத்தது. இலக்கணத்தில் குறை கண்டா மறுத்தார்கள்? அதிகாரம் வேறிடத்தில் இருந்தது, அவ்வளவே. நம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் முதலில் 14 மொழிகள் இருந்தன, இப்போது 22. சந்தாலி 2003இல் தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய நாள்வரை சந்தாலிக்கு இலக்கணம் இல்லாமலா இருந்தது? துளு இன்னும் வெளியேதான் நிற்கிறது.

நாம் கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறோம். பாலக்காட்டு டவுனில் சிலர், தமிழ் பேசுகிற நம்மை 'பாண்டி' என்று கேலியாகச் சொல்வார்கள். நான் டீச்சர் டிரெய்னிங் படிக்கக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனபோது, 'சொன்னான்' என்பதற்கு "அவன் பறஞ்சான்" என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஹாஸ்டல் முழுக்க ஒரு வருஷம் 'பறஞ்சா டீச்சர்' என்பதுதான் என் பேர். அங்கே என் தமிழ் மலையாளமாகிவிட்டது, இங்கே பாண்டியாகிவிட்டது. ஆனால் கவனித்தீர்களா, மலையாளத்தில் சொல்வதுபோல 'பறஞ்ஞு' என்று நான் சொல்லவில்லை. சொல் மலையாளத்திலிருந்து வந்தது, '-ஆன்' என்ற வாலை என் தமிழ் ஒட்டிக்கொண்டது. இதைத்தான் அன்றைக்கு அவர்களிடம் சொல்லத் தெரியாமல் அழுதேன்.

ஒன்று மட்டும். பத்தாம் வகுப்புக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு அடுத்த மாதம் எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாளில் "மழை வருதுங்க" என்று எழுதிவைக்காதீர்கள். அங்கே கேட்பது எழுத்துத் தமிழின் இலக்கணம். கல்யாணத்துக்குப் போகும்போது உடுத்துகிற உடை மாதிரி, அதையும் கற்றுக்கொள்ள வேண்டும், மார்க்கும் வாங்க வேண்டும்.

இன்று சாயங்காலம் வீட்டில் மூத்தவர்களிடம் 'டமுக்கு' என்று சொல்லி, "நேற்று என்ன செய்தாள், நாளைக்கு என்ன செய்வார்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை தமிழ் பிரிவு நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். எட்டாம் வகுப்பில் கேள்வி கேட்ட பையன் முதல் தாளை ஒட்டட்டும். அவனுக்கு என் பதில்: உண்டுங்க.

வரிசையாக வகுப்புக்குப் போங்கள். ஒன்றாம் வகுப்பு முதலில்.