திருமண வரவேற்பும் மதிய விருந்தும்: அழைப்பு

அன்புடையீர்,

வணக்கம்.

எங்கள் திருமணம் விசுவாவசு ஆண்டு தை மாதம் 14ஆம் நாள் (28.01.2026), புதன்கிழமை காலை, மணமகளின் ஊரான பாளையங்கோட்டையில் பெரியோர்களின் நல்லாசியுடன் இனிதே நிறைவேறியது. வேலை நாளில், அதுவும் சேலத்திலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் முகூர்த்தம் அமைந்துவிட்டதால் உங்களில் பலரால் வர இயலவில்லை. அந்த வாரம் முழுவதும் உருக்காலையில் கார்த்திகேயனின் ஷிப்டுகளையும் ஏற்காட்டுப் பள்ளியில் முத்துச்செல்வியின் வகுப்புகளையும் நீங்கள் பகிர்ந்து பார்த்துக்கொண்டதால்தான் நாங்கள் கவலையின்றி மணமேடையில் அமர முடிந்தது என்பதை நன்றியுடன் நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே, உங்களுக்காகவே தனியாக ஒரு வரவேற்பை, வருகிற தை 25ஆம் நாள் (08.02.2026), ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை, சேலம் அழகாபுரத்தில் உள்ள எங்கள் இல்லத்தில் நடத்த எங்கள் இரு வீட்டுப் பெற்றோரும் முடிவு செய்துள்ளனர். தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து எங்களை வாழ்த்தி, விருந்தில் கலந்துகொள்ளுமாறு அன்புடன் அழைக்கிறோம். பாளையங்கோட்டைக்கே வந்து வாழ்த்திய நண்பர்களுக்கும் இதே அழைப்பு. ஒருமுறை வந்தாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

வரவேற்பு என்றால் மாலையில்தான் வைப்பது வழக்கம். ஏற்காட்டிலிருந்து வருவோர் பனிமூட்டம் இறங்கும் முன் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வீடு சேர வேண்டும் என்பதாலேயே பகலில் வைத்திருக்கிறோம். அவர்களுக்காக ஏற்காடு ஏரி அருகிலிருந்து காலை 9.30 மணிக்கு வேன் புறப்படும். மாலை 4 மணிக்கு அதே வேன் மலையேறும். முதல் ஷிப்ட் முடித்து வரும் உருக்காலை நண்பர்களுக்கும் இலை காத்திருக்கும்.

திருநெல்வேலிச் சீமையில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் சொதியும் இஞ்சித் துவையலும் அன்று இலையில் இருக்கும். அதற்கென்றே பாளையங்கோட்டையிலிருந்து சமையல்காரர் வருகிறார். சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளாதபடி, வந்தவுடன் கொறிக்கத் தட்டுவடை செட்டும் உண்டு. சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிய வேண்டியிருப்பதால் சமையல்காரர் இப்போதே ஆள் கணக்குக் கேட்கிறார். எனவே, எத்தனை பேர் வருகிறீர்கள், வேனில் எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்பதை பிப்ரவரி 4, புதன்கிழமைக்குள், இந்த அழைப்பு வந்த வாட்ஸ்அப் எண்ணிலேயே தெரிவிக்க வேண்டுகிறோம். வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடமும் இத்துடன் உள்ளது.

மொய் எழுதும் மேசை போடப்படவில்லை. அன்பளிப்புகளைத் தவிர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,

கார்த்திகேயன் – முத்துச்செல்வி
மற்றும் இரு வீட்டுப் பெற்றோர்

அழகாபுரம், சேலம்
30.01.2026